கணக்குகளைப் பாடம் பாடமாகப் போடுவதா, கலந்து போடுவதா?

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கைக்கு வந்ததும் பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் வந்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “எல்லாக் கணக்கும் வீட்டில போட்டுப் பார்த்ததுதான் சார், பரீட்சையில மட்டும் ஏன் வரலை?” நான் மதுரையில் மாலை நேரத்தில் இயற்பியலும் வேதியியலும் எடுக்கிறேன். திருமங்கலம், மேலூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளுக்குப் பள்ளி, டியூஷன், பயணம் எல்லாம் போக, தானாக உட்கார்ந்து கணக்குப் போட ஒன்றரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கணக்குகளை எந்த வரிசையில் போடுவது என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது. எத்தனை கணக்கு போடுகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில் மார்க் நிறையவே மாறுகிறது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது எல்லோரும் செய்வது: ஒரு பாடத்தை எடுத்து, அதன் புக் பேக் கணக்கு முழுவதையும் போட்டு முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவது. இரண்டாவது, பழைய வினாத்தாள்களை எடுத்து முழுப் பாடத்திட்டத்தையும் ஒரேயடியாகக் கலந்து போடுவது. மூன்றாவது அதிகம் பேர் செய்யாதது: ஒன்றோடொன்று குழம்பக்கூடிய நான்கைந்து வகைக் கணக்குகளை மட்டும் பொறுக்கி, தலைப்பை எடுத்துவிட்டு, கலந்து போடுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக நடத்திய பாடத்துக்கு ஓரிரு நாள் முதல் வழி, அதற்கப்புறம் பல வாரங்களுக்கு மூன்றாவது வழி, பொதுத் தேர்வுக்கு முந்தைய கடைசி மாதத்தில் மட்டும் இரண்டாவது. ஏன் என்று விளக்குவதற்கு ஒரு பாடத்தை முழுசாக எடுத்துக்கொண்டு பார்ப்பதுதான் நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் அயனிச் சமநிலை. இதில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது pH கணக்குகளில். வலிமை குறைந்த அமிலம், தாங்கல் கரைசல், உப்பு நீராற்பகுப்பு என்று பாடத்துக்குள் தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சூத்திரம், அதன் கீழே அந்தச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிற கணக்குகள். இப்போது இந்த ஒரு கணக்கைப் பாருங்கள். 0.1 M அசிட்டிக் அமிலம் 50 மி.லி இருக்கிறது, அதன் Ka மதிப்பு 1.8 × 10⁻⁵, அதாவது pKa 4.74. இதில் 0.1 M NaOH கரைசலை ஊற்றுகிறோம். pH என்ன?

எவ்வளவு ஊற்றினோம் என்பதைப் பொறுத்து இது நான்கு வேறு வேறு கணக்கு. ஒன்றுமே ஊற்றவில்லை என்றால் அது வெறும் வலிமை குறைந்த அமிலம், Ka-வையும் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் [H⁺] 1.34 × 10⁻³, pH 2.87. 25 மி.லி ஊற்றினால் 5 மில்லிமோல் அமிலத்தில் பாதி உப்பாக மாறிவிட்டது, அமிலமும் உப்பும் சம அளவில் நிற்கின்றன, ஹெண்டர்சன் சமன்பாட்டில் மடக்கை உறுப்பு பூஜ்ஜியம், pH 4.74. சரியாக 50 மி.லி ஊற்றினால் அமிலமே மிச்சமில்லை, 100 மி.லி கரைசலில் 0.05 M சோடியம் அசிட்டேட் மட்டும் இருக்கிறது, இப்போது நீராற்பகுப்பு. Kw-வை Ka-வால் வகுத்தால் 5.56 × 10⁻¹⁰, அதை 0.05-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் [OH⁻] 5.27 × 10⁻⁶, pOH 5.28, pH 8.72. 60 மி.லி ஊற்றினால் 1 மில்லிமோல் NaOH மிஞ்சுகிறது, மொத்தக் கனஅளவு 110 மி.லி, [OH⁻] 0.0091 M, pH 11.96. இங்கே அசிட்டேட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

கேள்வியின் வாசகம் நான்கிலும் ஒன்றுதான். மாறியது ஓர் எண் மட்டும். “தாங்கல் கரைசல்” என்ற தலைப்பின் கீழ் பத்துக் கணக்கு வரிசையாகப் போட்ட பிள்ளை பத்திலும் ஹெண்டர்சன் சமன்பாட்டைப் போடும், பத்தும் சரியாக வரும். ஆனால் அந்தப் பத்தில் ஒருமுறைகூட “இது தாங்கல் கரைசல்தானா?” என்று அது கேட்டுப் பார்க்கவில்லை, கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, தலைப்பு அந்த வேலையைச் செய்துவிட்டது. பரீட்சைத் தாளில் தலைப்பு கிடையாது. “போட்டுப் பார்த்ததுதான், ஆனா வரலை” என்பதற்குக் காரணம் இதுதான். வழியைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த வழியில் கணக்கை முடிப்பது என்று இரண்டு வேலை இருக்கிறது. பாடவாரிப் பயிற்சியில் இரண்டாவது வேலை மட்டும்தான் கைப்பழக்கமாகிறது.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? அதே கணக்கில் அசிட்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு 0.1 M HCl என்று மாற்றி, 25 மி.லி NaOH ஊற்றினால் pH என்ன என்று கேளுங்கள். தாங்கல் கணக்கை மட்டும் அன்றைக்குப் போட்டிருக்கிற பிள்ளை pKa-வைத் தேட ஆரம்பிக்கும். HCl வலிமை மிகுந்த அமிலம், அங்கே தாங்கலே கிடையாது, 2.5 மில்லிமோல் அமிலம் 75 மி.லி கரைசலில் மிஞ்சுகிறது, pH 1.48, அவ்வளவுதான். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் சறுக்குவதைப் பார்க்கிறேன், அவர்களுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரோரர், டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு வகைவாரியாகப் போட்டது, இன்னொரு பிரிவு கலந்து போட்டது. பயிற்சி நடந்தபோது வகைவாரிப் பிரிவு 89 சதவீதம் சரியாகப் போட்டது, கலந்து போட்ட பிரிவு 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவாரிப் பிரிவு 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, கலந்து போட்ட பிரிவு 63 சதவீதத்தில் நின்றது. அது கணிதம், இயற்பியலுக்குப் பொருந்துமா என்று கேட்டால், அதற்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல்நிலை இயற்பியல் வகுப்பில் சமானி, பான் என்ற இருவர் 8 வாரம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வாரத்துக்கு மூன்று வீட்டுப்பாடம், சிலவற்றில் தலைப்புகள் மாறி மாறி, சிலவற்றில் ஒவ்வொரு தலைப்பாக. அப்புறம் முன்னறிவிப்பில்லாமல், புதிய, இன்னும் கடினமான கணக்குகளோடு இரண்டு தேர்வு வைத்தார்கள். இரண்டிலும் கலந்து போட்டதுதான் கை கொடுத்தது. அதே மாணவர்களிடம் கேட்டபோது, கலந்து போடுவது கஷ்டமாக இருக்கிறது, அதில் குறைவாகத்தான் கற்றுக்கொண்டோம் என்றே சொன்னார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழிக்கு மாறிய முதல் இரண்டு மூன்று வாரம் பிள்ளையின் நோட்டு பார்க்கவே நன்றாக இருக்காது. வேகம் குறையும், தப்பு கூடும், ஒரு மணி நேரத்தில் பதினைந்து கணக்கு போட்டவன் எட்டுப் போடுவான். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் தேர்வு அந்த வாரம் நடத்திய ஒரே பாடத்திலிருந்து வந்தால், பாடவாரியாகப் போட்ட பையன் இவனைவிட அதிக மார்க் வாங்குவான், உடனே வீட்டில் “பழைய மாதிரியே படி” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள். மூன்று வாரம் கழித்து, அதே பாடத்திலிருந்து நான்கு கணக்கைச் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள், அந்த மார்க்கை நம்பலாம்.

சரி, கலந்து போடுவதுதான் நல்லது என்றால் பழைய வினாத்தாளையே எடுத்துக்கொண்டால் என்ன, அதில் எல்லாம் கலந்துதானே இருக்கிறது? நியாயமான கேள்வி. நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிற பிள்ளைகள் சிலர் நவம்பரிலேயே இதைத் தொடங்கிவிடுகிறார்கள், பலருக்கு அது கை கொடுப்பதில்லை. முழுத்தாளில் ஒரு லென்ஸ் கணக்கு, அடுத்து ஒரு மின்தேக்கிக் கணக்கு, அடுத்து அணுக்கரு இயற்பியல் வரும். லென்ஸையும் மின்தேக்கியையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை, படத்தைப் பார்த்ததுமே எந்தப் பாடம் என்று தெரிந்துவிடும். அதாவது, கலந்து போட்டும் தேர்ந்தெடுக்கிற வேலை அங்கே குறைவுதான். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதால் மறதி குறையும், நேரத்தைப் பங்கிடப் பழகும், அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கலா நீராற்பகுப்பா என்ற குழப்பத்துக்கு ஒரு தாளில் ஒரு கணக்குதான் இருக்கும், அந்த ஒன்றும் இல்லாமல் போகலாம். எங்கே குழம்புகிறோமோ அங்கேதான் கலவை வேண்டும். அதனால்தான் மூன்றாவது வழியில் வகைகளைப் பொறுக்கி எடுக்கச் சொல்கிறேன்.

இயற்பியலில் இதற்கு ஏற்ற இடம் பதினொன்றாம் வகுப்பு இயக்கவியல், நீட் எழுதுகிறவர்களுக்கு அது எப்படியும் வேண்டும். சாய்தளம், துப்பாக்கிக் குண்டு, உருளும் பந்து என்று படத்தை வைத்து வகை பிரித்துக்கொள்வது தொடக்க நிலையில் இருப்பவர்களின் இயல்பு என்றும், தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, உந்த அழிவின்மை போன்ற தத்துவத்தை வைத்துப் பிரிக்கிறார்கள் என்றும் 1981-இலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் வந்து, கயிற்றில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டைக்குள் புதைகிறது, கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? ஆற்றல் பாடத்தை அன்றைக்குத்தான் முடித்த பிள்ளை நேராகக் குண்டின் இயக்க ஆற்றல் 800 ஜூலை எடுத்து mgh-க்குச் சமப்படுத்தும், g-ஐ 10 என்று வைத்தால் விடை 40 மீட்டர் வரும். தொங்குகிற ஒரு மரக்கட்டை பத்து மாடி உயரத்துக்கு மேல் எழும்பாது என்பதே தப்பைக் காட்டிக் கொடுத்துவிடும், ஆனால் கணக்கு ஓட்டத்தில் இருக்கிற பிள்ளை நின்று பார்ப்பதில்லை. புதைகிற நேரத்தில் ஆற்றலின் பெரும் பகுதி வெப்பமாகவும் மரத்தைக் கிழிப்பதிலும் போய்விடுகிறது, அந்தக் கணத்துக்கு உந்த அழிவின்மைதான் பொருந்தும். 4-ஐ 2-ஆல் வகுத்தால் வேகம் 2 மீ/வி. அதற்கப்புறம் எழும்பும்போது ஆற்றல் அழிவின்மை, உயரம் 0.2 மீட்டர். ஒரே கணக்குக்குள் இரண்டு தத்துவம், எது எங்கே முடிகிறது என்று தெரிவதுதான் கணக்கே.

இனி மூன்றாவது வழியை எப்படிச் செய்வது. அயனிச் சமநிலையையே வைத்துக்கொள்வோம். வலிமை மிகுந்த அமிலம், வலிமை குறைந்த அமிலம், தாங்கல், நீராற்பகுப்பு, நடுநிலையாக்கலில் ஒன்று மிஞ்சுவது என்று ஐந்து வகை. புக் பேக்கிலிருந்தும் பழைய வினாத்தாளிலிருந்தும் வகைக்கு ஐந்தாறு கணக்கு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள், எந்தத் தலைப்பிலிருந்து எடுத்தது என்பதைப் பின்பக்கத்தில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டுகளை நன்றாகக் குலுக்கி எட்டு எடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுழற்சியாக அடுக்கக் கூடாது, அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் தலைப்பு போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஒரே வகை அடுத்தடுத்து இரண்டு வந்தாலும் பரவாயில்லை.

சீட்டை எடுத்ததும் கால்குலேஷனில் இறங்க வேண்டாம். முதலில் ஒரே வரி: “இறுதியில் கரைசலில் மிஞ்சுவது இது, அதனால் இந்த வழி.” pH கணக்குக்கு இந்த ஒரு வரிதான் உயிர். 5 மில்லிமோல் அமிலம், 2.5 மில்லிமோல் காரம், மிஞ்சுவது 2.5 அமிலமும் 2.5 உப்பும், அமிலம் வலிமை குறைந்தது, ஆகவே தாங்கல். அதை எழுதிய பிறகு கணக்கைப் போட்டு விடையைச் சரிபார்க்க வேண்டும், சரிபார்ப்பது அன்றைக்கே நடக்க வேண்டும். தப்பு வந்தால் ஓரத்தில் “வழி” அல்லது “கணக்கு” என்று எழுதுங்கள். வழியே தப்பா, வழி சரியாக இருந்து மடக்கையில் தப்பா என்பதற்காக. இந்தக் குறிப்புதான் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும். “வழி” தப்புகள் குறைந்துகொண்டே வந்தால் பயிற்சி வேலை செய்கிறது. “கணக்கு” தப்புகளே நிறைய இருந்தால் கலந்து போட்டு அதைத் தீர்க்க முடியாது, அந்த ஒரு வகையை எடுத்து நான்கைந்து கணக்கு வரிசையாகப் போட்டுக் கையைப் பழக்க வேண்டும். அங்கே பாடவாரி வழிதான் சரி.

இன்னொரு பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். போட்டு முடித்த கணக்கையே திருப்பிப் போடுவது. pH கொடுக்கப்பட்டிருந்தால் எவ்வளவு NaOH ஊற்றினோம் என்று கண்டுபிடி, அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் அம்மோனியாவை வைத்து அதில் HCl ஊற்று. அம்மோனியாவின் Kb-யும் 1.8 × 10⁻⁵ என்பதால் பாதி நடுநிலையானபோது 4.74 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம், அது pOH, pH 9.26. “சார், அதே எண்தானே வந்துச்சு” என்பான். “என்னத்தோட எண்ணுடா தம்பி?” என்று கேட்டால்தான் நின்று யோசிக்கிறான். எண்ணை மட்டும் மாற்றி இன்னொரு முறை போடுவதை நான் இதில் சேர்க்கவில்லை. கொடுத்தது எது, கேட்டது எது என்பது மாற வேண்டும், அல்லது பொருள் மாற வேண்டும். வகைகளைக் கலப்பது எந்த வழி என்று பார்க்கப் பழக்குகிறது, ஒரே வகையைத் திருப்பிப் போடுவது அந்த வழி எதுவரை செல்லும் என்று காட்டுகிறது. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் கலப்பதையே எடுப்பேன்.

யாருக்கு இந்த வழி இப்போதைக்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மோல் கணக்கே தடுமாறுகிற பிள்ளைக்கு ஐந்து வகையைக் கலந்து கொடுத்தால் எட்டுச் சீட்டும் தப்பாகும், அதிலிருந்து எதுவும் கற்க முடியாது, மனம்தான் விட்டுப்போகும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வகை போதும், வலிமை குறைந்த அமிலமும் தாங்கலும் மட்டும், ஒவ்வொன்றிலும் தீர்த்த கணக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எட்டில் ஐந்து சீட்டிலாவது வழி சரியாக வரும்போது மூன்றாவது வகையைச் சேர்க்கலாம். அதேபோல, மாநிலப் பாடத்திட்டப் பொதுத் தேர்வில் தேர்ச்சியும் ஓரளவு மார்க்கும் போதும் என்கிறவர்களுக்கு நிலைமை வேறு. 70 மார்க் தாளில் 25 மார்க் ஐந்து மார்க் கேள்விகளுக்குப் போகிறது, அவற்றில் நிறைய “தருவிக்க”, “விவரி” என்றுதான் வரும், கேள்வியிலேயே தலைப்பு இருக்கிறது. அதற்கு வழி தேர்ந்தெடுக்க எதுவுமில்லை, பாடவாரியாக எழுதி எழுதிப் பார்ப்பதுதான் வேலை. ஒரு மார்க் கேள்வியிலும் கணக்கிலும்தான் கலவைக்குப் பலன்.

நீட் எழுதுகிறவர்களுக்கு இது நேர் எதிர். இயற்பியலில் 45, வேதியியலில் 45 கேள்வி, எதிலும் தலைப்பு இல்லை, தப்பான விடைக்கு ஒரு மார்க் போகிறது. போதாததற்கு நான்கு விருப்பங்களில் ஒன்று பெரும்பாலும் தப்பான வழியில் வருகிற விடையாகவே இருக்கும், pH கணக்கில் 4.74, 9.26 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். “என் விடை ஆப்ஷன்ல இருக்கு, அப்ப சரியாத்தான் இருக்கும்” என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துவிடும். ஒரே பாடமாகப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பொறி கண்ணில் படாது.

ஜனவரியில் தொடங்குகிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுக்கிற அட்டவணை இப்படி. வாரத்தில் ஐந்து நாள் உட்கார முடிந்தால், அந்த வாரம் பள்ளியில் நடத்திய புதுப் பாடத்துக்கு ஒரு நாள் பாடவாரியாக, மூன்று நாள் சீட்டு (ஒரு நாள் வேதியியல் சீட்டுகள், ஒரு நாள் இயற்பியல் சீட்டுகள், ஒரு நாள் முந்தைய வாரங்களின் பழைய சீட்டுகள்), ஒரு நாள் “வழி” தப்பு என்று குறித்த கணக்குகளை மட்டும் மறுபடி. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் சீட்டு நாள் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் நேரம் வைத்து ஒரு முழுத்தாள். எட்டுச் சீட்டுக்கு முதலில் எழுபது எண்பது நிமிடம்கூட ஆகும். மூன்று முறை தொடர்ந்து வழி சரியாக வந்த சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள், மூன்று வாரம் கழித்து ஒருமுறை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.